கார்பன் பெட்டிக்குப் பூட்டு இல்லை

எனக்கு ஒரு இடத்தில் பத்து நிமிடம் சும்மா உட்கார வராது. வாசற்கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். பூட்டினேனா என்று சந்தேகம் வந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். என் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எல்லாவற்றையும் பூட்டி, பூட்டியதை இழுத்தும் பார்த்து, அப்படியும் ஒரு பெண்பிள்ளையின் ரகசியத்தை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தவள் நான். அது அவர்களுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பை ஒட்டிய மைதானத்தில், பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தரும் மையம் ஒன்று இருந்தது. நான் பி.காம். முடித்து, டைப்பிங் ஹையரும் பாஸ் செய்து, எங்கிருந்தாவது வேலைக்கு ஆர்டர் வராதா என்று தபால்காரரை முறைத்துக்கொண்டிருந்த காலம். மாலை நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை அங்கே பதிவேடு பார்க்கும் வேலை கிடைத்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. ஒரு பக்கம் தடை ஓட்டக் கட்டைகள், குண்டுகள், சுண்ணாம்பு மூட்டை. மறுபக்கம் நான், ஒரு டைப்ரைட்டர், ஒரு இரும்பு பீரோ.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மஞ்சள் அட்டை. முன்பக்கம் மாதாமாதம் ஓடிய நேரமும் தாண்டிய தூரமும். பின்பக்கம் உயரம், எடை, பழைய நோய், சாப்பிடும் மருந்து. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு டாக்டர் வந்து பார்த்து அதில் எழுதுவார். நான் சேரும்போது அந்த அட்டைகள் சணல் கயிற்றில் கட்டி மேஜைமேல் கிடந்தன. வருகிற பிள்ளையெல்லாம் எடுத்துப் படிக்கும். ஒரு பையனைப் பெயர் சொல்லியே கூப்பிட மாட்டார்கள். அவன் எடை எத்தனை கிலோவோ அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே வருவான். எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

சண்டை போட்டேன். எங்கள் கோச் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். "ஓடுத நேரத்தைப் பூட்டி வச்சா எவன் வேகமா ஓடுவான்?" என்றார். "நேரத்தைப் போர்டில் எழுதுங்க சார். உடம்பை எழுதாதீங்க" என்றேன். முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். உடல்நல விவரத்தைத் தனித் தாளில் எழுதி, ஆளுக்கொரு உறையில் போட்டு, ஒட்டி, பீரோவில் வைத்தேன். டாக்டர் வரும் அன்று மட்டும் திறப்பேன். சாவி என் கைப்பையில். அந்தச் சாவி கைப்பையில் கிணுகிணுக்கிற சத்தத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது, ஒளிப்பானேன்.

சம்மதப் படிவம் என்று ஒன்றும் இருந்தது. 'என் பிள்ளையின் விவரங்களைப் பதிந்து வைக்கச் சம்மதிக்கிறேன்' என்று ஒரே ஒரு வரி. கீழே பெற்றோர் கையெழுத்து. பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புவேன், மறுநாளே எல்லாம் கையெழுத்தோடு வந்துவிடும். இவ்வளவு ஒழுங்காக ஏன் வருகிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எண்ணிப் பார்த்துக் கோப்பில் குத்தினேன்.

அந்த வருடம் பருத்திப்பட்டிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பதினான்கு வயது. நானூறு மீட்டரில் கடைசி வளைவு தாண்டும்வரை நாலாவதாக வருவாள். அதற்குப் பிறகு அவளுக்கு முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள். அரசு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு அவளைத் தயார் செய்யலாம் என்று கோச் முடிவு செய்துவிட்டார். விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தப் பெண்ணும் அதற்காகவே வாழ்ந்தாள். பள்ளி விட்டு மைதானத்துக்கு நடந்து வரமாட்டாள், ஓடித்தான் வருவாள்.

ஒரு சாயங்காலம் அவள் அம்மா வந்தார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. அவருடைய மாமனார் காலம் வரை அந்தக் குடும்பம் ஏரிப் பாசன வயல்களில் கூலி வேலை செய்தது, இப்போது ஷிப்ட். டிபன் பையைத் தோளிலிருந்து இறக்காமலே, அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். நீ எய்திக்கோ. ஆனா ஒரு ஆளுக்குத் தெரியக் கூடாது."

நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான். "சொல்லுங்கக்கா" என்றேன்.

"சின்னதுல இதுக்கு வலிப்பு வரும். ஒம்போது வயசு வரைக்கும் வந்துகினு இருந்துச்சு. பெரியாஸ்பத்திரில மாத்திரை குடுத்து நின்னுபோச்சு. மாத்திரையும் நிறுத்தி ரெண்டு வருசம் ஆவுது. ஓடலாம்னுதான் சொன்னாங்க. ஆனா இப்ப ரொம்ப ஓடுதே, அதான் பயமா கீது. உங்க டாக்டராண்ட மட்டும் சொல்லு."

"டாக்டர்கிட்டயும் கோச்கிட்டயும் சொல்லணும்கா. மைதானத்துல ஏதாவது ஆச்சுன்னா அவர்தானே பக்கத்துல இருப்பார்?"

டிபன் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார். "சரி. ரெண்டு பேரு. உன்னோட மூணு. நாலாவது ஆளுக்குப் போச்சுன்னா என் பொண்ண யாரும் பக்கத்துல சேக்க மாட்டாங்க டீச்சர். நாளைக்கு அத்த எவன் கட்டுவான்?"

பீரோவைத் திறந்து காட்டினேன். உறையைக் காட்டினேன், சாவியைக் காட்டினேன். ஏதோ நகைக்கடையில் லாக்கரைக் காட்டுகிற மாதிரி. அவர் முகம் தெளிந்தது. அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த மாத ஞாயிற்றுக்கிழமை டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்க்க வேண்டும் என்று கோச்சுக்குச் சொல்லிக்கொடுத்தார். கோச், "இரும்புச் சாவியைக் கையில குடுக்கணும்லா?" என்றார். "சாவியைப் பீரோவுக்குக் குடுங்க" என்றார் டாக்டர். பிறகு பெரியாஸ்பத்திரி நரம்பியல் டாக்டருக்கு ஒரு கடிதம் சொன்னார்: இன்னாருக்கு முன்பு வலிப்பு இருந்தது, மருந்து நிறுத்தி இத்தனை காலம் ஆகிறது, நானூறு மீட்டர் பயிற்சி தொடரலாமா. அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே சொன்னார். ஆங்கிலத்தில் நான் டைப் செய்தேன். நமக்கு ஒரு பிரதி வேண்டுமே. புதுக் கார்பன் தாள் ஒன்றைப் பிரித்து இரண்டு தாளுக்கும் நடுவில் வைத்தேன். முதல் பிரதியை அம்மா கையில் கொடுத்தேன். இரண்டாம் பிரதியை உறையில் போட்டு ஒட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டி, இழுத்துப் பார்த்தேன். கார்பனை மட்டும் வழக்கம்போல மேஜைமேலிருந்த அட்டைப் பெட்டியில் போட்டேன். ஒரு கார்பனை எழுத்தே விழாமல் போகும்வரை பயன்படுத்துவதுதான் டைப்பிங் படித்தவர்களின் சிக்கனம்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, சரியாக ஞாபகம் இல்லை. குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா தினமும் மகளைக் கூட்டிவந்து, பயிற்சி முடியும்வரை சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து தலையணை உறையில் பூப்போடுவார். கோயமுத்தூர்ப் பக்கம், பியூசி வரை படித்தவர். நல்ல மனுஷி. எனக்குக்கூட ஒரு கைக்குட்டையில் ரோஜாப்பூ போட்டுக் கொடுத்திருந்தார். அவர் மகளும் தொடர் ஓட்ட அணியில் இருந்தாள். பருத்திப்பட்டுப் பெண்ணிடமிருந்துதான் குச்சி வாங்குவாள்.

"கண்ணு, பழைய கார்பன் ஏதாச்சும் கிடக்குதுங்களா? துணியில பூ அச்சு எடுக்கோணும்."

பெட்டியைத் திறந்தேன். தேய்ந்துபோனது நாலைந்து கிடந்தன. பாவம், அதில் அச்சு சரியாக விழாதே என்று, மேலே கிடந்த நல்லதாகப் பார்த்து ஒன்று கொடுத்தேன். எத்தனை தாராளம் பாருங்கள்.

நாலைந்து நாளில் மைதானத்தின் காற்றே மாறிவிட்டது. பிள்ளைகள் அந்தப் பெண்ணுக்கு இரண்டு அடி தள்ளி நின்று உடற்பயிற்சி செய்தார்கள். அவள் தண்ணீர் குடித்த டம்ளரை ஒருத்தி மூன்று முறை கழுவினாள். மூன்று வீட்டுப் பெற்றோர், தங்கள் பிள்ளைகளை அவளோடு ஓடவிட முடியாது என்று செயலாளரிடம் சொல்லிவிட்டார்கள். செயலாளர் ஓய்வுபெற்ற ஃபோர்மேன். விடுதித் தேர்வுக்கு அவளை அனுப்புவதா என்பதை ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்றார்.

அன்று சாயங்காலம் அவள் அம்மா ஷிப்ட் முடிந்து நேரே என் மேஜைக்கு வந்தார். உட்காரவில்லை.

"இன்னா டீச்சர். பூட்டினியே."

"அக்கா, சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லலை."

"அப்ப பீரோ சொல்லிச்சா?"

பீரோவைத் திறந்து உறையைக் காட்டினேன். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். "எம்பொண்ணு ரெண்டு நாளா சோறு துன்னல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாவியை யாராவது சோப்பில் பதித்து வேறு சாவி செய்தார்களா என்றுகூட யோசித்தேன். டாக்டரைச் சந்தேகப்பட்டேன். கோச்சிடம் போய், "சார், நீங்க யார்கிட்டயாவது..." என்று ஆரம்பித்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "ஏ பிள்ள, எல்லையில நான் காவல் காத்தவன். போ அந்தப் பக்கம்" என்றார். வீட்டில் சாதத்தில் ரசத்தை ஊற்றிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தேன். ஆபீசில் உறைகளை எண்ணினேன், திரும்ப எண்ணினேன். குறையவில்லை. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன, அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது.

கூட்டத்துக்கு முந்தின நாள், சிமென்ட் பெஞ்சின் பக்கமாக நடந்தேன். பூப்போடும் அம்மா துணியை விரித்து, மேலே கார்பனை வைத்து, அதற்கு மேல் படத்தை வைத்துப் பேனாவால் அழுத்தி வரைந்துகொண்டிருந்தார். செம்பருத்தி. ஒரு இதழின் கோடு துணியில் விட்டுவிட்டு விழுந்திருந்தது. "கார்பன் அங்கங்கே மை விட்டுப்போச்சுங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். மை எங்கே விட்டுப்போகும் என்பது டைப்பிஸ்டுக்குத் தெரியாதா? எழுத்து அடித்த இடத்தில்தான்.

"அதைக் குடுங்க" என்று வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினேன். ஒரே ஒரு முறை பயன்படுத்திய கார்பன். என் டைப்ரைட்டர் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஊசித்துளை மாதிரி வெளிச்சமாகத் தெரிந்தன. பெயர், வயது, நோய், மருந்து. இரண்டாம் பிரதியை நான் பூட்டி வைத்திருந்தேன். மூன்றாம் பிரதி தையல் கூடையில் இருந்தது.

"படிச்சீங்களா?"

அவர் முகம் சிறுத்துப்போனது. "படிக்கோணும்னு படிக்கலீங்க. மை எந்தப் பக்கம்னு பாக்கத் தூக்கினேன். கண்ணுல பட்டிருச்சு. எம்புள்ளை அவகிட்டதானுங்களே குச்சி வாங்குறா, பயமாயிருச்சு. பக்கத்து வீட்டுல மட்டும் சொன்னேன்."

"அவங்க அம்மாகிட்ட கேட்டிருக்கலாமே?"

"எப்படிங்க போய்க் கேக்கறது? நல்லா இருக்குமா?"

அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் கார்பனைக் கொடுத்தவள் நான். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மைதானத்தை இரண்டு சுற்று நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அறை வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். டாக்டரும் வந்திருந்தார். அந்தப் பெண் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தாள். செயலாளர் எழுந்து, "அந்த உறையைப் பிரித்து எல்லாருக்கும் படித்துக் காட்டும்மா. உண்மை என்னவென்று தெரிந்துவிடும்" என்றார்.

"முடியாது சார். அது அவங்க விவரம்."

"சம்மதக் கையெழுத்து இருக்கே?" கோப்பிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். "இதோ, இவ அப்பாவே போட்டிருக்கார்."

"பதிந்து வைக்கத்தான் சார் சம்மதிச்சிருக்கார். கூட்டத்தில் படிக்க இல்லை."

அந்தப் பெண்ணின் அம்மா கையை நீட்டினார். "அந்தத் தாள இங்க குடு." வாங்கிப் பார்த்தார். கீழே அழகான, சாய்வில்லாத கையெழுத்து. "இது யாரு போட்டது? எங்க ஊட்டுக்காரரு கைநாட்டு. அவருக்குப் பேனா புடிக்கவே தெரியாது."

பின்னாலிருந்து அந்தப் பெண் சொன்னாள்: "நான்தாம்மா போட்டேன். நைனா கைநாட்டு வச்சா இங்க எல்லாரும் சிரிப்பாங்கன்னு..."

செயலாளர் கோப்பை மூடினார். மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். பல பிள்ளைகள் பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தன. பிறகு நான் சரிபார்த்தபோது, பாதிக்கு மேல் கையெழுத்து பிள்ளைகள் போட்டது. பெற்றோர் தராத சம்மதத்தைத்தான் நான் எண்ணிக் குத்தி வைத்திருந்தேன்.

எழுந்து கார்பனை எல்லோருக்கும் முன்னால் நீட்டினேன், எழுத்து தெரியாதபடி மடித்து. "விஷயம் வெளியே போனது இதில்தான். இதைக் கொடுத்தது நான். வேறு யார்மேலும் தப்பு இல்லை." பூப்போடும் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் கார்பனைச் சுக்குநூறாகக் கிழித்தேன். விரலெல்லாம் நீல மை.

டாக்டர் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் தணிந்த குரலில், "பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்த பதிலைச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டார். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவளிடம் அதுவரை யாருமே எதையுமே கேட்டதில்லை. அவள் தலையசைத்தாள்.

"ஓடலாம் என்று எழுதியிருக்கிறார்கள்" என்றார் டாக்டர். "வேளைக்குச் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், தனியாக நீச்சல் வேண்டாம். இது தொட்டால் ஒட்டாது, டம்ளரில் வராது. அவ்வளவுதான்."

"தேர்வுக்கு அவ போறா" என்றார் கோச். "குச்சி வாங்க இஷ்டமில்லாதவங்க வேற அணிக்குப் போங்க." யாரும் போகவில்லை.

அவள் போனாள், ஓடினாள், தேர்வானாள். பட்டியலில் அவள் பெயரைப் பார்த்தபோது நான் மேஜையில் தலை வைத்து அழுதேன்.

அதற்குள் படிவத்தை முழுக்க மாற்றியிருந்தேன். என்ன எழுதுகிறோம், எதற்கு, யார் பார்க்கலாம், எதுவரை வைத்திருப்போம், பிள்ளை விலகும்போது எப்படித் திருப்பித் தருவோம். பெற்றோரை நேரில் வரவழைத்துப் பிள்ளைக்கும் கேட்கும்படி படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ. உடல்நலத் தாள் டைப் செய்தால் கார்பனை அங்கேயே கிழித்து எரிப்பது. எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு ஒரே ஒரு ஆளின் பாராட்டுதான் வேண்டியிருந்தது.

விடுதி அவளுடைய உடல்நல விவரம் கேட்டு எழுதியது. அம்மாவும் மகளும் வந்தார்கள். விடுதிக்கு அனுப்பும் தாளை வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அம்மா விரலை வைத்துக்கொண்டே வந்தார்.

"இந்த விவரத்தைப் பார்க்கக்கூடியவர்கள்: மருத்துவர், பயிற்சியாளர், பதிவேட்டு எழுத்தர்."

"கடைசியா சொன்னியே, அது யாரு?"

"அங்கேயும் ஒருத்தர் இருப்பார்கா. இங்கே நான்."

"அத்த அடிச்சிடு."

பேனாவை எடுத்தேன்.

"நீ நல்ல பொண்ணுதான் டீச்சர். கூட்டத்துல நீயே எய்ந்து சொன்ன பாரு, வேற யாரும் சொல்லமாட்டாங்க. ஆனா இத்த உன் கையில குடுக்கமாட்டேன். நானே எடுத்துகினு போயி அந்த டாக்டரு கையில குடுத்துக்கறேன்."

என் பதவியின் மேல் நானே கோடு போட்டேன். அந்தப் பெண் கீழே கையெழுத்துப் போட்டாள், அதே சாய்வில்லாத எழுத்தில், இந்த முறை அவளுடைய சொந்தப் பெயர். அம்மா பக்கத்தில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பிறகு, அந்தத் தாளையும் பீரோவிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த மகளின் உறையையும் டிபன் பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

ஏழு மணி ஆகியிருந்தது. பீரோவைப் பூட்டி, இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பூட்டியிருந்தது. அவளுடைய உறை அதில் இல்லை.